மாத்திரை போடாதவர் என்று பெயர் வாங்கிய பி.டி. வாத்தியார்

மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து என் மேசையில் கொட்டினார் அவர் மனைவி. எல்லாம் காலி மாத்திரை அட்டைகள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டேடின் 80 மில்லிகிராம், பத்து மாத்திரை அட்டை எட்டு. ஒன்பதாவது அட்டையில் நான்கு குழி காலி. அதோடு சேர்த்துக் கொடுத்த எஸெட்டிமைப் அட்டைகளும் அதே கணக்கு. பன்னிரண்டு வாரம், எண்பத்து நான்கு நாள், எண்பத்து நான்கு மாத்திரை.

"நீங்களே எண்ணிக்கோங்க சார். ஒருநாள்கூட விடலை. நான்தான் கையில எடுத்துக் குடுக்கிறேன்" என்றார். பக்கத்தில் கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய முறை வந்தபோது அவரை நான் லேசாகக் கடிந்துகொண்டிருந்தேன். இந்த அட்டைகள் அதற்கான பதில்.

இந்தக் குடும்பத்தின் கதையை அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர். 42 வயது. புகை, மது, சர்க்கரை எதுவும் இல்லை. ரத்த அழுத்தம் 124/80. ஜனவரியில் விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் காலை, மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஓடுதளக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்ததுபோல வலி வந்திருக்கிறது. கோடு வளைந்து போவதைப் பார்த்த பையன்கள் ஓடிப் போய் ஆசிரியர்களைக் கூட்டி வந்தார்கள். 108 வண்டியில் மதுரைக்கு வந்தபோது வலி தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஈ.சி.ஜி.யில் முன்சுவர் மாரடைப்பு. ஆஞ்சியோகிராமில் இடது முன் இறங்கு தமனியின் நடுப்பகுதி ரத்தக்கட்டியால் அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இதயத்தின் இறைக்கும் திறன் பெருமளவு தப்பித்துக்கொண்டது.

அனுமதித்த அன்று எடுத்த ரத்தத்தில் கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் 132. முந்தைய ஆண்டு ஒரு முழு உடல் பரிசோதனையில் 134 இருந்திருக்கிறது. அந்த அறிக்கையின் ஓரத்தில் 'எல்லைக்கோட்டில் உள்ளது, எண்ணெயைக் குறைக்கவும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. வழக்கமான கொழுப்புப் பரிசோதனைப் பட்டியலில் இல்லாத ஒன்றை அதிலிருந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

42 வயதில், புகைக்காத, ஓடியாடுகிற மனிதருக்கு எல்டிஎல் 132 மட்டும் வைத்துக்கொண்டு மாரடைப்பு வருவது கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. ஆனால் குடும்பத்தாரிடம் பதில் தயாராக இருந்தது. "அவுக அப்பாவும் 46 வயசுலயே நெஞ்சு வலியில போய்ட்டாரு சார். அப்பா வாகு." நானும் அதைத்தான் நம்பினேன். அது முழுக்கச் சரியில்லை என்பது பின்னால் தெரிந்தது.

கணக்கு இடித்த இடம்

அட்டோர்வாஸ்டேடின் 80 கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். அந்த அளவில் எல்டிஎல் பாதியாவது இறங்க வேண்டும். 132 என்றால் 66 வாக்கில் வந்திருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 91. மூன்றில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. இந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் எந்த மருத்துவருக்கும் முதலில் வரும் சந்தேகம், ஆள் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்பது. பத்துக்கு எட்டு முறை அது சரியான சந்தேகமும்கூட. எனவே கடிந்துகொண்டேன், எஸெட்டிமைப் 10 சேர்த்தேன், பன்னிரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

வந்தார்கள். மொத்தக் கொழுப்பு 141, எச்டிஎல் 39, ட்ரைகிளிசரைடு 110. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல் 80. இரண்டு மருந்தும் சேர்ந்து அறுபது விழுக்காடு குறைத்திருக்க வேண்டிய இடத்தில் நாற்பதுகூடக் குறையவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழே கொண்டுவருவதுதான் குறி. அன்றுதான் மஞ்சப்பை மேசையில் கவிழ்ந்தது.

உணவிலும் அவர் சோடை போகவில்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறிப் போயிருந்தார். ஆட்டுக்கறி போயிற்று, தேங்காய் போயிற்று, முட்டையில் மஞ்சள் கரு போயிற்று. தாளிக்கக்கூட எண்ணெய் இல்லாத குழம்பு. பசித்தால் சோறு, கஞ்சி. யாரோ சொன்னார்கள் என்று மருதம்பட்டைக் கஷாயம் வேறு. மருத மரத்தின் பெயரால்தான் நம் ஊருக்கே பேர் வந்தது என்று சொல்வதுண்டு. அந்தப் பட்டைக்கும் இவருடைய நோய்க்கும் சம்பந்தம் இருக்கவில்லை, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எடை 74 கிலோவிலிருந்து 68-க்கு இறங்கியிருந்தது.

தைராய்டு மந்தமாக இருந்தாலும், சிறுநீரில் புரதம் ஒழுகினாலும் எல்டிஎல் இறங்காமல் அடம்பிடிக்கும். இரண்டையும் பார்த்தேன், சரியாக இருந்தன. அப்புறம்தான் முன்பே கேட்டிருக்க வேண்டிய பரிசோதனையைக் கேட்டேன்: லிப்போபுரோட்டீன் ஏ. எங்கள் பேச்சு வழக்கில் எல்பி லிட்டில் ஏ. வெறும் வயிறு தேவையில்லை, சாதாரண ரத்தம் போதும். மாரடைப்பு வந்த புதிதில் உடம்பின் அழற்சியால் இந்த அளவு ஏறி இறங்கக்கூடும் என்பதால் சில வாரம் பொறுப்பது வழக்கம். இங்கே ஐந்து மாதம் ஓடியிருந்தது, அது என் தாமதம்.

ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. 30-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 50-க்கு மேல் போனால் அதிகம். இடையில் இருப்பது இரண்டுங்கெட்டான்.

அது என்ன, எங்கிருந்து வருகிறது

1963-ல் நார்வேயின் கோரே பெர்க் இதைக் கண்டுபிடித்தார். சாதாரண எல்டிஎல் துகளை ஓர் உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் அப்போபுரோட்டீன் ஏ என்ற நீளமான புரதச் சங்கிலி ஒன்று கந்தகப் பிணைப்பால் கோத்துத் தொங்கினால் அதுதான் எல்பி லிட்டில் ஏ. அந்தச் சங்கிலி முறுக்கு முறுக்காகச் சுருண்ட கண்ணிகளால் ஆனது. ஒவ்வொரு கண்ணிக்கும் கிரிங்கிள் என்று பெயர். ஸ்காண்டிநேவியாவில் அந்தப் பெயரில் ஒரு முறுக்கிய பலகாரம் உண்டு, அதன் வடிவம் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். நமக்குக் கைமுறுக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கைமுறுக்கில் ஒரு வகை எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மூன்று நான்கு, சிலருக்கு நாற்பதுக்கும் மேல். அது ஆறாவது குரோமோசோமில் உள்ள மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சங்கிலி நீளமாக இருந்தால் கல்லீரல் செல் அதை மடித்து முடிக்கத் திணறுகிறது. கணிசமான பகுதி வெளியே வராமலே செல்லுக்குள் அழிக்கப்பட்டுவிடுகிறது. சங்கிலி குட்டையாக இருந்தால் மளமளவென்று வெளியே வந்துவிடும். ஆக, குட்டைச் சங்கிலி மரபணு வாய்த்தவர்களுக்கு ரத்தத்தில் அளவு அதிகம். சாப்பாடு, உடற்பயிற்சி, எடை எதுவும் இந்த உற்பத்திக் கணக்குக்குள் பெரிதாக நுழைவதில்லை. ஐந்து வயதுவாக்கில் என்ன அளவோ, ஏறத்தாழ அதேதான் ஆயுசுக்கும்.

ஸ்டேடின் ஏன் தொடவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஸ்டேடின் கல்லீரலுக்குள் கொழுப்பு தயாராவதைத் தடுக்கிறது. கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ள மேற்பரப்பில் கூடுதல் ஏற்பிகளை வைக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் குறைகிறது. எல்பி லிட்டில் ஏ அந்த வாசல் வழியாக அதிகம் உள்ளே போவதில்லை. அதன் அளவைத் தீர்மானிப்பது வெளியேற்றம் அல்ல, உற்பத்தி. வாசலை எத்தனை அகலமாகத் திறந்தாலும் பயனில்லை. சில ஆய்வுகளில் ஸ்டேடின் அதைச் சற்று ஏற்றிக்கூட விடுகிறது.

இப்போது எல்டிஎல் கணக்குக்குத் திரும்புவோம். ஆய்வகம் எல்டிஎல் என்று தரும் எண்ணுக்குள் எல்பி லிட்டில் ஏ சுமந்து வரும் கொழுப்பும் கலந்தே இருக்கிறது. அதன் எடையில் சுமார் 30 விழுக்காடு கொழுப்பு என்று தோராயமாக வைத்தால், 126-ல் 38. முதல் நாள் எல்டிஎல் 132-ல் இந்த 38-ஐக் கழித்தால் 94. இப்போதுள்ள 80-ல் கழித்தால் 42. அதாவது ஸ்டேடினுக்கு மசியக்கூடிய பகுதி 94-லிருந்து 42-க்கு இறங்கியிருக்கிறது, 55 விழுக்காடு. இரண்டு மருந்திடம் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ அதுதான். மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. அவரும் தன் வேலையைச் செய்திருக்கிறார். எண்ணில் பாதி, மாத்திரை கைவைக்க முடியாத சரக்கு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த 30 விழுக்காடு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். கழித்து வரும் எண்ணை அறிக்கையில் எழுதவோ, 'உண்மையான எல்டிஎல் 42 தானே' என்று மருந்தைக் குறைக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. ஏன் இறங்கவில்லை என்ற புதிரை அவிழ்க்க மட்டும்தான் அது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், ஸ்கூல்ல நானும் பையங்கள இப்படித்தான் சந்தேகப்படுவேன்" என்றார்.

"அப்ப மாத்திரை எதுக்கு?"

அடுத்து வந்த கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "இது மாத்திரைக்கும் மசியாது, சாப்பாட்டுக்கும் மசியாதுன்னா ரெண்டையும் விட்ரலாமா சார்?"

விடக் கூடாது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படியும் துகள்கள் இரண்டு வகை என்று வைத்துக்கொண்டால், ஒன்றை நிறுத்த வழியில்லை, இன்னொன்றைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வழி இருக்கிறது. முதலாவது அதிகமாக இருப்பவருக்குத்தான் இரண்டாவதை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அளவு மாறாவிட்டாலும் ஸ்டேடினால் இவர்களுக்கும் மாரடைப்பு குறையவே செய்கிறது. மிச்ச ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான்.

உணவைப் பொறுத்தவரை அவரை நான் தளர்த்தத்தான் வேண்டியிருந்தது. கறிக்கொழுப்பையும் தேங்காயையும் குறைத்ததால் சாதாரண எல்டிஎல்லுக்கு நன்மை உண்டு, அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இடத்தைச் சோற்றாலும் கஞ்சியாலும் நிரப்பினால் எல்பி லிட்டில் ஏ குறைவதற்குப் பதில் பத்து விழுக்காடு போல ஏறுவதை உணவு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சிறு ஏற்றத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பட்டினி போட்டு அதை இறக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். கடலை எண்ணெயில் தாளித்த குழம்பு, பருப்பு, காய், வாரத்துக்கு இரண்டு நாள் மீன் என்று பேசி முடித்தோம். வீட்டில் அன்று பெரிய நிம்மதி என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு உறவினர் நியாசின் மாத்திரையைச் சிபாரிசு செய்திருந்தார். நியாசின் அளவைக் குறைக்கும் என்பது நிஜம். ஆனால் 2011-லும் 2014-லும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஸ்டேடின் எடுப்பவர்களுக்கு அதனால் மாரடைப்பு குறையவில்லை, பக்க விளைவுகள்தான் கூடின. வேண்டாம் என்றேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும், பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி எல்டிஎல்லைப் பாதிக்கும் கீழே இறக்கும், எல்பி லிட்டில் ஏ-யையும் கால்வாசி குறைக்கும். இவருக்குப் பொருத்தமானது அதுதான். விலையைக் கேட்டதும் மனைவி பேசாமல் கணவரைப் பார்த்தார். ஆயுசுக்கும் போட வேண்டிய ஊசி. ஆகவே இப்போதைக்குப் பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரையைச் சேர்த்தேன். அது எல்பி லிட்டில் ஏ-யைத் தொடாது. எல்டிஎல் 80-லிருந்து 66-க்கு வந்தது. யூரிக் அமிலம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பரில் ஒரு போன். பதற்றமான குரல். "சார், மூணு மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏறிருச்சு! 290 காட்டுது!" வேறோர் ஆய்வகத்தில் தாங்களாகவே மறுபடி பார்த்திருக்கிறார்கள். அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். எதிர்பார்த்ததுதான்: அந்த ஆய்வகம் நானோமோல் கணக்கில் தருகிறது. ஒன்று எடை, இன்னொன்று எண்ணிக்கை. வெங்காயத்தைக் கிலோவில் கேட்பதற்கும் எத்தனை வெங்காயம் என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம். துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் துல்லியமாக மாற்ற வாய்ப்பாடு கிடையாது. தோராயமாக இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு. 50 மில்லிகிராம் வரம்பு அங்கே 125 நானோமோல். ஆக 126-ம் 290-ம் ஒரே சங்கதி. உண்மையில் எண்ணிக்கைக் கணக்குதான் மேல். எடை பார்க்கும் பல பரிசோதனைகள் நீளச் சங்கிலிக்காரர்களுக்குக் கூட்டியும் குட்டைச் சங்கிலிக்காரர்களுக்குக் குறைத்தும் காட்டிவிடும். எது எப்படியோ, அளவு மாறாத ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது காசைக் கரியாக்குவது. ஒருமுறை போதும் என்று மறுபடியும் சொன்னேன்.

அப்பா வாகா, அம்மா வாகா

இவருக்கு 126 என்று தெரிந்த அன்றே வீட்டாரையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொருவருக்கும் இந்த மரபணுவின் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் தனித்தனியே வேலை செய்யும். ரத்தத்தில் தெரிவது இரண்டின் கூட்டு. குட்டைச் சங்கிலிப் பிரதி ஒன்று இருந்தாலே அளவு எகிறும். உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு.

அப்பா இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அப்பா பக்கம் வந்ததை இனி எங்கே போய்ப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு, சம்பிரதாயத்துக்குத்தான் அம்மாவையும் பரிசோதித்தோம். எழுபது வயது அம்மாவுக்கு 118. தங்கைக்கு 22.

நான் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். அப்பா வாகு என்று குடும்பமே சொல்லி வந்தது அம்மா வழியாக வந்திருக்கிறது. அப்பா நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. 46 வயதில் சாக அது ஒன்றே போதும்.

இங்கே இன்னொரு முடிச்சு இருந்தது. வாத்தியாரின் மனைவி அவருடைய சொந்தத் தாய்மாமன் மகள். மாமியாரை அந்த மனைவி 'அத்தை' என்று கூப்பிடுவது நிஜமாகவே அத்தை என்பதால். மரபணு அம்மா வழி என்றால் அம்மாவின் அண்ணனுக்கும் அது இருந்திருக்கலாம். அவரிடமிருந்து மகளுக்கு வந்திருக்கலாம். அட்டைகளை எண்ணிக் காட்டிய மனைவியின் ரத்தத்தை எடுத்தோம். 121. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் தாய்மாமனுக்கு 112.

கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு குட்டைச் சங்கிலிப் பிரதி என்றால், பிள்ளைகள் கணக்கு மாறிவிடுகிறது. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பிரதியும் குட்டையாக வந்து சேர. நான்கில் ஒரு பங்கு, இரண்டுமே வராமல் தப்பிக்க. மீதிப் பாதி, பெற்றோரைப் போல. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இந்த வீட்டில் இரண்டு கோடியும் விழுந்தன. பதினான்கு வயது மகளுக்கு 16. பத்தொன்பது வயது மகனுக்கு 238.

மகளின் 16 எனக்கு இன்னொரு விஷயத்தையும் சொன்னது. அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது, பாட்டியின் குட்டைப் பிரதி அல்ல, செத்துப்போன தாத்தாவின் பிரதி. அது சாதுவான பிரதி. தாத்தாவின் இன்னொரு பிரதி எப்படிப்பட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாத்தியாரின் மாரடைப்புக்கு அவரிடமிருந்து வந்த பிரதி காரணமில்லை என்பதை இவ்வளவு தூரம் நிச்சயமாகச் சொல்லலாம்.

மகனை என்ன செய்வது

இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவன். அறைக்குள் நுழையும்போதே வாயில் புதினா மிட்டாய். சட்டையில் சிகரெட் வாசம். அப்பாவை வெளியே இருக்கச் சொன்னேன்.

அவனுடைய எல்டிஎல் 151. இந்த வயதில் 151-ம் அப்பாவுக்கு இளவயது மாரடைப்பும் சேர்ந்தால், குடும்ப வழி உயர் கொழுப்பு நோய் என்று முத்திரை குத்தத் தோன்றும். ஆனால் அதே கணக்கைப் போட்டால் 238-ல் 30 விழுக்காடு 71. சாதாரண எல்டிஎல் 80-தான். அந்த நோய் இல்லை. ஆனால் அதனால் நிம்மதி அடையவும் வழியில்லை. எல்பி லிட்டில் ஏ 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் வாழ்நாள் ஆபத்து ஏறத்தாழ அந்த நோய்க்குச் சமம் என்று ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி 2019-ல் சொல்லியிருக்கிறது.

ஸ்டேடின் கொடுக்கலாமா என்பதில் எனக்கும் என் நண்பரான இன்னொரு மருத்துவருக்கும் ஒத்துப்போகவில்லை. பத்தொன்பது வயதில், சாதாரண எல்டிஎல் 80 இருக்கும் பையனுக்கு நாற்பது வருட மருந்தை எந்த ஆய்வை நம்பித் தொடங்குவாய் என்றார் அவர். நியாயமான கேள்விதான், நேரடியாக விடை தரும் ஆய்வு என் கையில் இல்லை. என் பக்கம்: ஒரு துகளைக் குறைக்க வழியில்லாதபோது மற்றதைச் சீக்கிரமே குறைத்து வைப்பது, இருபது வருடம் கழித்து ஸ்டென்ட் வைப்பதைவிட மலிவு. பையனிடமே இரண்டு பக்கத்தையும் சொன்னேன். ரோசுவாஸ்டேடின் 10 எடுக்கச் சம்மதித்தான். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 113. அப்பாவுக்கு நடந்த அதே கதை, எண் அரைகுறையாகத்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் இந்த முறை யாரும் யாரையும் திட்டவில்லை.

சிகரெட் விஷயத்தில் அவனிடம் பயமுறுத்தவில்லை. பாட்டி, தாத்தா, அவன் என்று மூன்று பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதினேன். பாட்டிக்கு 118, பீடி இல்லை, எழுபது வயதில் நடமாடுகிறார். தாத்தாவுக்கு என்ன அளவோ தெரியாது, பீடி உண்டு, 46 வயதில் போய்விட்டார். உனக்கு 238. தாளை அவனே மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். விட்டுவிட்டானா என்று கேட்டால், குறைத்திருக்கிறேன் என்கிறான்.

கல்லீரல் செல்லுக்குள் இந்தப் புரதம் தயாராவதையே நிறுத்தும் ஊசிகள் சோதனையில் இருக்கின்றன. பெலகார்சென் என்ற மருந்து அளவை 80 விழுக்காடும், ஒல்பாசிரான் 95 விழுக்காட்டுக்கு மேலும் இறக்கியதை முந்தைய கட்ட ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அளவு இறங்கினால் மாரடைப்பும் குறையுமா என்பது தனிக் கேள்வி. பெலகார்செனுக்கு அதைப் பார்க்க 8,323 பேரைச் சேர்த்திருக்கிறார்கள். நியாசினில் ஒருமுறை ஏமாந்த துறை என்பதால் எண் இறங்கியதற்கே கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. பையனுக்கு வயது இருக்கிறது.

பாட்டியின் வால்வு

அம்மாவின் 118-ஐப் பார்த்தபோது, ஆபத்தைத் தாண்டி வந்துவிட்டவர் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். நெஞ்செலும்பின் வலது மேல் ஓரத்தில் கரகரவென்று ஒரு முணுமுணுப்பு, கழுத்து வரை ஏறியது. எல்பி லிட்டில் ஏ ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்புகளைத் தன்மேல் சுமந்து திரிவது. தமனிச் சுவரை அழற்றுவதைப் போலவே பெருந்தமனி வால்வையும் அழற்றிச் சுண்ணாம்பு படிய வைக்கிறது. எக்கோவில் வால்வின் மூன்று இதழ்களும் கெட்டித்திருந்தன. வால்வைத் தாண்டும் சராசரி அழுத்த வித்தியாசம் 28. நடுத்தரக் குறுக்கம்.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மருமகள் குறுக்கிட்டார். "சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்கையில பாதியிலேயே உக்காந்துட்டீகளே அத்தை." வெயில் என்று அம்மா சொன்னார். ஏப்ரலில் நடந்ததை வெயில் என்று நானும்தான் நினைத்திருப்பேன். இந்த வால்வைச் சரிசெய்யவோ, கெடுவதைத் தாமதப்படுத்தவோ மாத்திரை இல்லை, ஸ்டேடினையும் இதற்கென்று சோதித்துப் பார்த்தாகிவிட்டது. வருடம் ஒருமுறை எக்கோ, கடுமையானால் வால்வு மாற்று. மயக்கம், நெஞ்சு வலி, நடையில் மூச்சு வாங்கல், இந்த மூன்றில் எது வந்தாலும் வருடம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு மற்றவர்கள் எழுந்தார்கள், அம்மா எழுந்திருக்கவில்லை.

"ஏந்தம்பி, அப்ப இது எங்க வீட்டு ரத்தமா? இத்தன வருசமா அவுக மேல பழியப் போட்டுட்டு இருந்தோமே."

அவர் பீடி குடித்தார், அதற்கான பழி அவருக்கு உண்டு, உங்கள் ரத்தத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்றேன். அதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த சித்திரைக்கு அழகரைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் கூட்டத்துக்குள் நெருக்கியடித்து வேண்டாம், கரையிலேயே நின்று பாருங்கள் என்றேன். எக்கோவுக்குப் பங்குனியில் தேதி கொடுத்திருக்கிறேன்.